புளியும் இல்லை, தேங்காயும் இல்லை: வறுத்தரைத்த குழம்பை ஒப்பேற்றுவது எப்படி?

கேள்வி: வறுத்தரைத்த கத்தரிக்காய்க் குழம்பு வைக்கப் பார்க்கிறேன். நாலு பேருக்கு. குறிப்பில் எலுமிச்சை அளவு புளியும் அரை கப் தேங்காய்த் துருவலும் போட்டிருக்கிறது. வீட்டில் இரண்டுமே இல்லை. தக்காளி, எலுமிச்சம்பழம், தயிர், முந்திரி, பொட்டுக்கடலை இருக்கின்றன. போன தடவை புளிக்குப் பதிலாக எலுமிச்சை பிழிந்து கொதிக்கவிட்டேன், குழம்பே கசந்துவிட்டது. இந்த முறை என்ன செய்யலாம்?

பதில்:

தாராளமாக வைக்கலாம். புளிக்கு நன்றாகச் சுருள வதக்கிய தக்காளி, அடுப்பை அணைத்த பிறகு கொஞ்சம் எலுமிச்சை. தேங்காய்க்கு முந்திரியும் ஒரு டீஸ்பூன் பொட்டுக்கடலையும், கூடவே ஒரு கரண்டி நல்லெண்ணெய் அதிகம். தயிரை எடுத்து வைத்துவிடுங்கள், இந்தக் குழம்புக்கு அது ஒத்துவராது. அளவும் வரிசையும் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால், போன தடவை ஏன் கசந்தது என்பதைப் பார்த்துவிடலாம். மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது.

புளியின் புளிப்பு கொதியைத் தாங்கும். அதிலிருக்கும் டார்டாரிக் அமிலம் ஆவியாகிப் போவதில்லை. கால் மணி நேரம் கொதித்தாலும் புளிப்பு அப்படியே நிற்கும், பச்சை வாசனை மட்டும் போகும். அதனால்தான் புளிக்குழம்பைக் கொதிக்கக் கொதிக்க நன்றாக இருக்கும் என்கிறோம். எலுமிச்சை அப்படி இல்லை. அதன் புளிப்பும் கொதியில் போய்விடாது, ஆனால் நாம் எலுமிச்சை என்று அடையாளம் கண்டுகொள்ளும் மணம் போய்விடும். மணம் போனதும் அடியில் இருந்த கசப்பு மேலே வரும். அந்தக் கசப்பு பெரும்பாலும் விதையிலும் தோலுக்கு உள்பக்கம் இருக்கும் வெள்ளைச் சதையிலும் இருப்பது. பழத்தை ஒட்டப் பிழிந்தாலோ, ஒரு விதை தவறி உள்ளே விழுந்து கொதித்தாலோ போதும், சட்டி முழுக்க இறங்கிவிடும். வெந்தயம் தாளித்த குழம்பில் ஏற்கெனவே மெல்லிய கசப்பு இருப்பதால் இன்னும் தூக்கலாகத் தெரியும். ஒருமுறை கசந்த குழம்பை வெல்லம் போட்டு மறைக்கலாமே தவிர, எடுக்க முடியாது.

சரி, அப்படியானால் தக்காளியை மட்டும் நிறையப் போட்டால் போதாதா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். தோராயமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எலுமிச்சை அளவு புளி என்றால் 25 கிராம் பக்கம் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடக் குறைய அமிலம், அதாவது இரண்டரை கிராம். தக்காளியில் 100 கிராமுக்கு அரை கிராம்கூடத் தேறாது. அந்தப் புளிப்பு தக்காளியிலிருந்து மட்டும் வர வேண்டுமென்றால் அரைக் கிலோவுக்கு மேல் போட வேண்டியிருக்கும். அவ்வளவு போட்டால் அது தக்காளிக் குழம்பு. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நீங்கள் நினைத்த குழம்பு இல்லை. அதனால் தக்காளியைக் குழம்பின் உடம்புக்கும் நிறத்துக்கும் முக்கால்வாசிப் புளிப்புக்கும் நம்புங்கள். மிச்சத்தை எலுமிச்சை பார்த்துக்கொள்ளட்டும். எலுமிச்சைச் சாற்றில் 100 மில்லிக்கு ஐந்தாறு கிராம் அமிலம் உண்டு, அதனால் அரைப் பழமே பெரிய வேலை செய்யும்.

தக்காளியிலும் வித்தியாசம் இருக்கிறது. நாட்டுத் தக்காளி என்றால் புளிப்பு நன்றாக இருக்கும். தடித்த தோலோடு சதைப்பற்றாக இருக்கும் பெங்களூர்த் தக்காளியில் புளிப்பு குறைவு. உங்களிடம் இருப்பது அதுவென்றால் எலுமிச்சையின் பங்கு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஒரு துண்டு நறுக்கி வாயில் போட்டுப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

புளி இன்னொரு வேலையும் செய்கிறது, அதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. காயைக் குலையாமல் பிடித்து வைப்பது அதுதான். புளித்தண்ணீரில் வேகும் கத்தரிக்காய், வெண்டைக்காயெல்லாம் உருக்குலையாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். புளிப்பில் காய் மெதுவாகத்தான் இளகும். பருப்பு வெந்த பிறகுதான் சாம்பாருக்குப் புளி ஊற்ற வேண்டும் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்வார்களே, அதற்கும் இதே காரணம்தான், திசை மட்டும் வேறு. இப்போது நம் குழம்பில் கொதிக்கும்போது புளிப்பு குறைவு, எலுமிச்சை கடைசியில்தான் வருகிறது. ஆகவே கத்தரிக்காய் வழக்கத்தைவிடச் சீக்கிரம் குழைந்துவிடும். குறிப்பில் சொல்லியிருக்கும் நேரத்தை அப்படியே பின்பற்றினால் காம்பு மட்டும் கையில் வரும். காயை முதலிலேயே எண்ணெயில் வதக்கித் தனியே எடுத்து வைத்து, கடைசிக் கட்டத்தில் சேர்ப்பதுதான் இதற்கு வழி.

அடுத்தது தேங்காய். வறுத்தரைக்கும் குழம்பில் அது மூன்று விதமாக உதவுகிறது. மசாலாவைப் பிடித்துக் குழம்பைக் கெட்டியாக்குகிறது, எண்ணெய்ப் பசையைத் தருகிறது, மிளகாயின் காரத்தை மெல்லிய இனிப்போடு தணிக்கிறது. வறுத்த தேங்காயின் வாசனை நாலாவது. அந்த வாசனையை முந்திரியால் தர முடியாது, எதனாலும் முடியாது. மற்ற மூன்றையும் ஈடுகட்டிவிடலாம்.

முந்திரி கெட்டித்தன்மையையும் மெல்லிய இனிப்பையும் கொடுக்கும். ஆனால் அரை கப் துருவலில் இருக்கும் கொழுப்பில் பாதிகூட பத்து முந்திரியில் வராது, அதற்குத்தான் அந்தக் கூடுதல் கரண்டி எண்ணெய். நிறைய முந்திரி போட்டுச் சமாளிக்கலாமே என்று தோன்றும். போட்டால் குழம்பு குருமாவாகிவிடும், கொத்தமல்லி, மிளகு வாசனையெல்லாம் பாலாடை போட்ட மாதிரி அமுங்கிவிடும். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது. தண்ணீரில் கரைந்தவுடன் கெட்டியாக்கும், ஒரு டீஸ்பூனே போதும். இரண்டு மூன்று டீஸ்பூன் போனால் சட்னி வாசனை வந்துவிடும், சாதத்தில் பிசையும்போது மாவாக ஒட்டும். வேர்க்கடலை இருந்திருந்தால் இந்தக் குழம்புக்கு முந்திரியைவிட அதையே சொல்லியிருப்பேன். வறுத்துத் தோல் நீக்கி இரண்டு டேபிள்ஸ்பூன் அரைத்துவிட்டால் கத்தரிக்காயோடு அருமையாகச் சேரும், எண்ணெயும் தாராளமாக இருக்கும்.

ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். தேங்காய் அரைத்த குழம்பு என்று நம்பிச் சாப்பிடுகிறவருக்கு முந்திரியோ வேர்க்கடலையோ ஒவ்வாமை இருக்கலாம். விருந்தாளி இருந்தால் பரிமாறும் முன் என்ன போட்டிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது குழம்பு. பிஞ்சுக் கத்தரிக்காய் எட்டு, காம்போடு நான்காகக் கீறி உப்புத் தண்ணீரில் போட்டு வையுங்கள். முந்திரி பத்தை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். ஊறாத முந்திரி மிக்ஸியில் எவ்வளவு ஓட்டினாலும் நொய்யாகவே நிற்கும், பிறகு அடியில் போய்ப் பிடிக்கும். வாணலியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டுத் தனியா இரண்டு டேபிள்ஸ்பூன், கடலைப்பருப்பு ஒரு டேபிள்ஸ்பூன், மிளகு அரை டீஸ்பூன், வரமிளகாய் ஐந்து போட்டுச் சிறுதீயில் வறுங்கள். வழக்கமாக ஆறு மிளகாய் போடுகிறவர் என்றால் இன்று ஐந்துதான். காரத்தைத் தணிக்கும் தேங்காய் இல்லை, மிளகாயை எதிர்த்து நிற்கும் புளியும் இல்லை. பருப்பு பொன்னிறமாகி, தனியா கையில் நசுக்கினால் பொடியும் பதத்தில் இறக்கி ஆறவிட்டு, முந்திரி, ஒரு டீஸ்பூன் பொட்டுக்கடலை சேர்த்து மையாக அரைத்துக்கொள்ளுங்கள். முந்திரியை வறுக்கும் பொருளோடு போட வேண்டாம், கருகினால் அதுவும் கசக்கும்.

நல்லெண்ணெய் நாலு டேபிள்ஸ்பூன் காயவைத்துக் கத்தரிக்காயை முதலில் வதக்குங்கள். தோல் சுருங்கி, நிறம் மங்கி, காம்புப் பக்கம் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், முக்கால் பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துத் தட்டில் வையுங்கள். அதே எண்ணெயில் கடுகு, கால் டீஸ்பூன் வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு எட்டுப் பல் போட்டு வதக்கி, நன்கு பழுத்த தக்காளி நாலை அரைத்து ஊற்றுங்கள். மஞ்சள்தூளும் போட்டுவிடலாம்.

இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. தக்காளி விழுது முதலில் தளதளவென்று கொதிக்கும், வெளிர் சிவப்பாக இருக்கும், பச்சை வாசனை அடிக்கும். ஐந்தாறு நிமிடத்தில் தெறிக்க ஆரம்பிக்கும், மூடியைச் சாய்த்து வைத்துக் கிளறுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தெறிப்பது நின்று, நிறம் செங்கல் பக்கம் போய், ஓரத்தில் எண்ணெய் கோடு கட்டும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அந்த வழி உடனே மூடாமல் அடி தெரிய நிற்க வேண்டும். அதுதான் பதம். தக்காளியில் இருக்கும் தண்ணீர் போய்ப் புளிப்பு ஒன்றுசேர்வது இந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்தான். புளிக்கரைசல் கொடுக்கும் அடர்த்தியும் கருஞ்சிவப்பும் கொஞ்சமாவது வர வேண்டுமானால் இதுதான் வழி. ஐந்து நிமிடத்தில் தண்ணீரை ஊற்றினீர்கள் என்றால் கடைசிவரை ரசத்துக்கும் குழம்புக்கும் நடுவில் நிற்கும். அதற்கப்புறம் எவ்வளவு கொதித்தாலும் வதக்கிய சுவை வராது.

பிறகு அரைத்த விழுதைப் போட்டு இரண்டு நிமிடம் பிரட்டி, ஒன்றரை கப் வெந்நீர் விட்டு, வழக்கமாகப் போடும் உப்பில் முக்கால் பங்கு மட்டும் சேருங்கள். புளிப்பு முழுதாக ஏறாத குழம்பில் உப்பும் காரமும் தூக்கலாகத் தெரியும், வழக்கமான அளவைப் போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. கொதி வந்ததும் தீயைத் தணித்து, வதக்கிய கத்தரிக்காயைச் சேர்த்து, எட்டு நிமிடம். முந்திரி விழுது அடியில் உட்காரும் குணம் உள்ளது, அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடியோடு துழாவிவிடுங்கள், காயை இடிக்காமல். குழம்பு நீங்கள் விரும்பும் பதத்தைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். முந்திரியும் கடலையும் ஆற ஆற இறுகும். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் இன்னும் கெட்டியாக இருக்கும், தேங்காய்க் குழம்பில் இவ்வளவு தெரியாது.

கடைசி வேலை எலுமிச்சை. நான் சில வருடம் ஒரு சிறிய மெஸ்ஸில் வேலை பார்த்தேன். ஒரு மழை நாளில் புளி வரவில்லை, நூறு பேருக்குக் குழம்பு ஆக வேண்டும். தக்காளியை வதக்கிக் கொதிக்கவிட்டாயிற்று, நான் எலுமிச்சைச் சாறு நிரம்பிய கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அண்டாவுக்குப் போனேன். சமையல் பார்த்த அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார். “தம்பி, அண்டாவுல ஊத்தாத. கரண்டியில ஊத்திப் பாரு, சோத்துல போட்டுத் தின்னு பாரு.” ஒரு கரண்டிக் குழம்பை எடுத்து, இரண்டு சொட்டுச் சாறு விட்டு, ஒரு பிடி சாதத்தில் பிசைந்து எனக்கும் கொடுத்து அவரும் சாப்பிட்டார். இன்னும் இரண்டு சொட்டு, மறுபடி ஒரு பிடி. மூன்றாவது பிடியில் தலையாட்டினார். அதைக் கணக்காக வைத்துத்தான் அண்டாவுக்கு அளந்து விட்டார். நான் கொண்டுபோன கிண்ணத்தில் பாதிக்கு மேல் மிச்சம். முழுதாகக் கொட்டியிருந்தால் அன்று யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

அதையே நீங்களும் செய்யுங்கள். அணைத்து ஐந்து நிமிடம் கழித்து, கொதி அடங்கியதும் பாருங்கள். விதையை வடிகட்டிவிட்டு, பழத்தை ஒட்டப் பிழியாமல் பாதிப் பழச் சாற்றைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, ஒரு கரண்டிக் குழம்பில் சொட்டு விட்டுச் சாதத்தோடு சுவையுங்கள். வெறும் குழம்பை நக்கிப் பார்த்தால் புளிப்பு, உப்பு, காரம் எல்லாம் கூடுதலாகத் தெரியும். சாதத்தில் சேர்ந்தால் எல்லாம் ஒரு படி இறங்கும். வெறும் குழம்பில் சரியாகத் தெரிந்த புளிப்பு சாதத்தில் போதாது என்பது அடிக்கடி நடப்பது. போதும் என்று தோன்றிய பிறகு மிச்ச உப்பையும் சரிபார்த்து, சுண்டைக்காய் அளவு வெல்லம் போடுங்கள். புளியில் அமிலத்தோடு இனிப்பும் நிறைய உண்டு, எலுமிச்சையின் புளிப்பு கூராக இருக்கும். அந்தக் கூரை வெல்லம் மழுக்கிவிடும். தக்காளி ஏற்கெனவே இனிப்பாக இருந்தால் வெல்லம் வேண்டாம். பத்து நிமிடம் மூடி வைத்துப் பரிமாறுங்கள். மறுபடி சூடாக்கும்போது கொதிக்கவிட வேண்டாம், ஆவி வந்தால் போதும்.

தயிரை ஏன் வேண்டாம் என்றேன் என்று கேட்பீர்கள். கொதிக்கும் குழம்பில் ஊற்றினால் திரிந்து வெள்ளை வெள்ளையாகப் பிரியும். அரிசியோ பருப்போ அரைத்துச் சேர்த்தால் திரியாமல் நிற்கும், ஆனால் அதுதான் மோர்க்குழம்பு. வறுத்த தனியா மணமும் தயிர்ப் புளிப்பும் ஒன்றோடொன்று சேர்வதில்லை. வீட்டில் தயிர்தான் நிறைய இருக்கிறது என்றால் குழம்பையே மாற்றி மோர்க்குழம்பு வையுங்கள், நன்றாக வரும். வினிகரும் இதுபோலத்தான், சூட்டில் அதன் நெடி மூக்கில் ஏறும், ஊறுகாய்க்குப் பொருந்தும் குணம் குழம்புக்குப் பொருந்தாது.

கையில் மாங்காய் இருக்கும் காலமென்றால் மேலே சொன்ன எலுமிச்சை வித்தையே தேவையில்லை. புளிக்கு நெருங்கிய மாற்று அதுதான். நல்ல புளிப்பு மாங்காயில் பாதியைத் தோல் சீவித் துண்டு போட்டுக் கொதிக்கவே விடலாம், கசக்காது, வெந்து கரைந்து குழம்புக்கு உடம்பும் கொடுக்கும். காயையும் பிடித்து வைக்கும், அதனால் கத்தரிக்காயைத் தனியே எடுத்து வைக்கும் கவலையும் குறையும். காய்ந்த மாங்காய்ப் பொடியான ஆம்சூர் இருந்தால் ஒரு டீஸ்பூன், அதையும் கடைசி ஐந்து நிமிடத்தில் போடலாம், கொதித்தாலும் கெடாது. மீன் குழம்புக்கு என்றால் குடம்புளி இரண்டு இதழ் ஊறவைத்துப் போடுவது வேறு எதையும்விடப் பொருத்தம். ஆனால் அதன் புகை வாசனை கத்தரிக்காயோடு எனக்குப் பிடிக்கவில்லை.

சில உணவுகளில் இந்த மாற்றெல்லாம் செல்லாது. புளிக்காய்ச்சலும் வத்தக்குழம்பும் புளியே ஆன உணவுகள், புளி இல்லாத அன்று அவற்றை வைக்காமல் இருப்பதே நல்லது. சேனை, கருணைக்கிழங்கு மாதிரி நாக்கு அரிக்கும் கிழங்குகளை வேகவைக்கும்போதே புளி சேர்ப்பது அரிப்புக்காக. கடைசியில் எலுமிச்சை பிழிவது அந்த வேலையைச் செய்யாது, ஆகவே கிழங்கைப் புளி வாங்கி வந்த பிறகு சமையுங்கள். தேங்காய்ப் பக்கத்தில், சொதியும் தேங்காய்ச் சட்னியும் அப்படித்தான். சட்னிக்கு வேர்க்கடலையோ பொட்டுக்கடலையோ வைத்து வேறு சட்னி அரைக்கலாம், அது தேங்காய்ச் சட்னிக்கு மாற்று என்று நினைத்துச் சாப்பிட்டால்தான் ஏமாற்றம்.

மிச்சக் குழம்பு பற்றி ஒன்று. நல்ல புளிக்குழம்பை வெளியில் வைத்தே மறுநாள் சாப்பிட்ட பழக்கம் உங்கள் வீட்டில் இருக்கலாம். அதைத் தாங்கியது புளியும் எண்ணெயும். இந்தக் குழம்பில் புளிப்பு குறைவு, முந்திரி வேறு அரைத்திருக்கிறது. ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள். எடுக்கும்போது கெட்டியாக உறைந்த மாதிரி இருக்கும், கால் கப் வெந்நீர் விட்டுக் கலக்கிச் சிறுதீயில் சுடவைத்தால் இளகிவிடும். முதல் நாள் எலுமிச்சை மணம் மங்கியிருந்தால் தட்டில் பரிமாறும்போது இன்னும் நாலு சொட்டு விட்டுக்கொள்ளலாம்.